ஆறு கோடியில் 75 ரூபாய்

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் பலருக்கு இன்னமும் நினைவிருப்பது ஒரே ஓர் எண்தான்: வங்கியில் இருப்பதாகக் காட்டி, உண்மையில் இல்லாத 5,040 கோடி ரூபாய். அதே கடிதத்தில் சில வரிகள் தள்ளி இன்னோர் எண்ணும் இருந்தது. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி என்று கணக்கில் காட்டியிருந்தது 2,651 கோடி. அதில் 490 கோடி பொய்.

வங்கி இருப்பைச் சரிபார்ப்பது கேள்வி கேட்கும் அளவில் எளிது. நான்கைந்து வங்கிகளிடம் கேட்டால் போதும். பாக்கி அப்படியல்ல. நூறு பேர், ஆயிரம் பேர், சில சமயம் லட்சம் பேர் தரவேண்டிய தொகைகள் சேர்ந்துதான் பேலன்ஸ் ஷீட்டில் அந்த ஒற்றை வரி உருவாகிறது. எல்லாரிடமும் போய்க் கேட்க ஆடிட்டருக்கு நேரமும் கிடையாது, அதற்கான கட்டணமும் கிடையாது. சிலரைத்தான் கேட்க முடியும். யாரைக் கேட்பது, அவர்கள் சொன்ன பதிலை வைத்துக் கேட்காதவர்களைப் பற்றி என்ன சொல்வது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆடிட்டர்கள் அறுபது ஆண்டுகளாகப் பயன்படுத்தும் ஒரு வழி உண்டு. ஆங்கிலப் பெயரைச் சுருக்கி எம்.யூ.எஸ். என்பார்கள். நம் கணக்கில் அதை ரூபாய் அலகு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

பாக்கியைப் பொறுத்தவரை ஆடிட்டரின் பயம் பெரும்பாலும் ஒரே பக்கம்தான். லாபத்தைக் கூட்டிக் காட்ட நினைப்பவர் விற்காத சரக்குக்குப் பில் போடுவார், திரும்பி வந்த சரக்குக்குக் கிரெடிட் நோட் போடாமல் விடுவார், மார்ச் கடைசியில் ஏப்ரல் விற்பனையைச் சேர்ப்பார். எல்லாவற்றின் விளைவும் ஒன்றுதான்: இருப்பதைவிட அதிகமான பாக்கி. இந்த ஒரு பயத்துக்கென்றே தைத்த சட்டை இந்த முறை.

கணக்குப் போட்டுப் பார்க்க வசதியாக ஒரு வியாபாரத்தை வைத்துக்கொள்வோம். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரம் என்று வையுங்கள். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. மார்ச் 31 அன்று 840 வாடிக்கையாளர்கள் தரவேண்டிய பாக்கி மொத்தம் 6 கோடி ரூபாய். இதில் 30 லட்சம் வரை தவறு இருந்தால் கணக்கைப் படிப்பவரின் முடிவு மாறாது, அதற்குமேல் போனால் மாறும் என்று ஆடிட்டர் தீர்மானிக்கிறார். பொறுத்துக்கொள்ளும் எல்லை அதுதான்.

840 பேரில் 75 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்கலாம்தான். ஆனால் ஒரு மோசடிக்காரர் 15 லட்சம் வீதம் இரண்டே இரண்டு பொய்க் கணக்குகளை அந்த 840-க்குள் செருகியிருந்தால்? சீட்டுக் குலுக்கலில் அந்த இரண்டும் தப்பிவிட நூற்றுக்கு 83 வாய்ப்பு இருக்கிறது. எல்லை முழுவதையும் தின்றுவிடும் 30 லட்சம் பொய், 75 பேரைக் கேட்ட பிறகும் பெரும்பாலும் கண்ணில் படாது. ஏனென்றால் சீட்டுக் குலுக்கலில் 12,000 ரூபாய் பாக்கிக்காரருக்கும் 15 லட்சம் பாக்கிக்காரருக்கும் ஒரே ஒரு சீட்டுதான்.

ரூபாய் அலகு முறை சீட்டை ஆளுக்குக் கொடுப்பதில்லை, ரூபாய்க்குக் கொடுக்கிறது. இங்கே மொத்தம் 840 வாடிக்கையாளர்கள் அல்ல, ஆறு கோடி தனித்தனி ரூபாய்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் சமமான வாய்ப்பு. தனி ஒரு ரூபாயை யாரும் தணிக்கை செய்ய முடியாது என்பது உண்மைதான். அதனால் ஒரு ரூபாய் தேர்வானால், அது எந்த வாடிக்கையாளரின் கணக்கில் இருக்கிறதோ அந்தக் கணக்கு முழுவதையும் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒருவர் பெயரில் எவ்வளவு அதிகமாக ஏற்றிக் காட்டியிருக்கிறதோ, அந்த அளவுக்கு அவர் பிடிபடும் வாய்ப்பும் ஏறுகிறது. பொய்யைப் பெருக்கப் பெருக்க அது தன்னையே காட்டிக்கொடுக்கும். அதே 30 லட்சத்தை நூறு சின்ன பில்லாக உடைத்தாலும் பயனில்லை. பொய்யான ரூபாய்கள் அப்போதும் 30 லட்சம்தான், அத்தனைக்கும் வாய்ப்பு உண்டு.

எத்தனை ரூபாய் எடுப்பது? 30 லட்சம் என்பது 6 கோடியில் இருபதில் ஒரு பங்கு. உண்மையில் அவ்வளவு பொய் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் ஒரு ரூபாய் நல்லதாக இருக்க 100-க்கு 95 வாய்ப்பு. இரண்டு எடுத்தால் இரண்டுமே நல்லதாக இருக்க 95-இல் 95 சதவீதம். இப்படியே பெருக்கிக்கொண்டு போனால், 60 ரூபாய் எடுத்து அறுபதும் நல்லதாக அமைய 100-க்கு 5 வாய்ப்புகூட இல்லை. ஆகவே 60-ம் சுத்தமாக இருந்தால், தவறு 30 லட்சத்தைத் தொடவில்லை என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். இருபதை மூன்றால் பெருக்கினால் அறுபது. அந்த மூன்றுதான் ஆடிட்டர்களின் அட்டவணையில் 95 சதவீதத்துக்கு எதிரே இருக்கும் 3.00 என்ற நம்பிக்கைக் காரணி. பொறுத்துக்கொள்ளும் எல்லையை அந்த 3-ஆல் வகுத்தால் எத்தனை ரூபாய்க்கு ஒரு ரூபாய் எடுக்க வேண்டும் என்ற இடைவெளி கிடைத்துவிடும். இங்கே 10 லட்சம்.

ஆனால் ஒரு தவறுகூட இல்லாத பாக்கிப் பட்டியலை நான் நம்ப மாட்டேன், அனுபவமுள்ள எந்த ஆடிட்டரும் நம்ப மாட்டார். ஜவுளியில் சரக்குத் திரும்புவதும் விலை வித்தியாசமும் அன்றாடம். 60 ரூபாய்த் திட்டத்தில் சின்னதாக ஒரு தவறு தலைகாட்டினாலே எல்லை தாண்டிவிடும். அதனால் முன்னாலேயே கொஞ்சம் இடம் விட்டு வைக்கிறார்கள். சென்ற ஆண்டுகளைப் பார்த்து 3,75,000 ரூபாய்த் தவறு இருக்கும் என்று ஆடிட்டர் எதிர்பார்க்கிறார். அதை அட்டவணையிலுள்ள 1.6-ஆல் பெருக்கினால் 6 லட்சம். அந்த 6 லட்சத்தை 30 லட்சத்தில் கழித்து, மீதி 24 லட்சத்தை 3-ஆல் வகுத்தால் இடைவெளி 8 லட்சம். ஆறு கோடியை எட்டு லட்சத்தால் வகுத்தால் 75. தலைப்பில் சொன்ன 75 ரூபாய் இவைதாம்.

இந்த யோசனைக்கு உரியவராக அமெரிக்காவில் கென்னத் ஸ்ட்ரிங்கரைச் சொல்வார்கள். ஹாஸ்கின்ஸ் அண்ட் செல்ஸ் என்ற தணிக்கை நிறுவனத்தில் இருந்தவர். பிரின்ஸ்டன் புள்ளியியல் அறிஞர் ஃபிரெடரிக் ஸ்டீஃபனின் துணையோடு 1960-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். ஏறத்தாழ அதே சமயத்தில் நெதர்லாந்தில் வான் ஹேர்டென் கில்டர் நாணயத்தை வைத்து இதே வழிக்கு வந்திருந்தார். டாலர், கில்டர், ரூபாய் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

இனி லெட்ஜரைத் திறப்போம். முதல் வேலை, வாடிக்கையாளர் பட்டியலின் கூட்டுத்தொகை பொது லெட்ஜரிலுள்ள 6 கோடியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. இதைச் செய்யாமல் தேர்வில் இறங்கினால், பட்டியலுக்கு வெளியே ஒளித்து வைத்த தொகைக்கு வாய்ப்பே கிடைக்காது. அடுத்தது, முன்பணம் கொடுத்து வைத்திருப்பவர்களின் கிரெடிட் பேலன்ஸ்களைத் தனியே பிரிப்பது. கழித்தல் குறியுள்ள தொகைக்கு ரூபாய்ச் சீட்டு கொடுக்க வழியில்லை. அவற்றை உள்ளேயே விட்டால் ஓடும் கூட்டல் முன்னும் பின்னும் போய்த் தேர்வே குழம்பிவிடும். நம் 6 கோடி அவற்றைப் பிரித்த பிறகு கிடைத்தது.

பிறகு 1-க்கும் 8,00,000-க்கும் நடுவே ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்க வேண்டும். 3,17,450 வந்தது என்று வையுங்கள். அதுதான் முதல் ரூபாய். அதிலிருந்து எட்டு லட்சம் எட்டு லட்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் 11,17,450, 19,17,450, 27,17,450 என்று 75 ரூபாய்களும் கிடைத்துவிடும். இந்தத் தொடக்க எண் நிறுவனத்தின் அக்கவுண்டன்டுக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. தெரிந்தால் எந்தக் கணக்கைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

பட்டியலில் முதல் வாடிக்கையாளர் 1,42,600 தரவேண்டும். இரண்டாமவர் 96,300, ஓடும் கூட்டல் 2,38,900. மூன்றாமவர் 2,15,000, கூட்டல் 4,53,900. நாம் தேடும் 3,17,450-ஆவது ரூபாய் இவர் கணக்குக்குள் இருக்கிறது, ஆகவே மூன்றாமவர் தேர்வு. நான்காமவர் 38,750. ஐந்தாமவர் 5,64,000, கூட்டல் 10,56,650. அடுத்த இலக்கு 11,17,450 என்பதால் இவ்வளவு பெரிய தொகைக்காரர் தப்பிவிட்டார். இது அநியாயம் போலத் தோன்றினாலும் கணக்கு சரிதான். 5,64,000-க்குத் தேர்வாகும் வாய்ப்பு 100-க்கு 70, நூறு அல்ல. ஆறாமவர் 12,400, அவருக்கு 100-க்கு ஒன்றரை வாய்ப்பு, அவரும் தப்பினார். ஏழாமவர் 17,30,000. கூட்டல் 27,99,050-க்குத் தாவுகிறது. 11,17,450, 19,17,450, 27,17,450 ஆகிய மூன்று இலக்குகளுமே இவர் கணக்குக்குள் விழுகின்றன.

இடைவெளியான 8 லட்சத்துக்கும் அதற்கு மேலும் பாக்கியுள்ள யாரும் இந்தத் தேர்விலிருந்து தப்பவே முடியாது. நம் பட்டியலில் அப்படி ஒன்பது பேர், மொத்தம் 1 கோடியே 44 லட்சம். 75 ரூபாயில் 18 இவர்களிடமே விழுந்தன. மீதி 57 ரூபாய் 57 சின்னக் கணக்குகளில் விழுந்தன. 840 பேரில் 66 பேருக்குத்தான் கடிதம் போகிறது.

கடிதம் என்பது பேலன்ஸ் கன்ஃபர்மேஷன். "மார்ச் 31 அன்று தாங்கள் எங்களுக்குத் தரவேண்டியது இவ்வளவு. சரியா என்று எங்கள் ஆடிட்டருக்கு நேரடியாக எழுதுங்கள்." ஆடிட்டரே தபாலில் சேர்க்க வேண்டும், பதிலும் ஆடிட்டர் கைக்கே வர வேண்டும். எழுதிய தொகையும் வந்த பதிலும் பல தடவை ஒத்துப்போகாது. அதில் பெரும்பகுதி தவறே அல்ல. வாடிக்கையாளர் மார்ச் 30-ஆம் தேதி அனுப்பிய செக் இங்கே ஏப்ரல் 2-ஆம் தேதி வந்திருக்கும். அது வழியில் இருந்த பணம், இரண்டு கணக்கும் சரி. இத்தகைய கால வித்தியாசங்களை ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் தவறு.

நம் கணக்கில் மூன்று மிஞ்சின என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வாடிக்கையாளரின் 2,15,000-இல் 43,000 ரூபாய்ச் சரக்கு பிப்ரவரியிலேயே திரும்பி வந்திருக்கிறது, கிரெடிட் நோட் போடவில்லை. இன்னொருவரின் 64,000-இல் 3,200 ரூபாய்த் தள்ளுபடி பதிவாகவில்லை. ஏழாம் வாடிக்கையாளரின் 17,30,000-இல் 35,000 ரூபாய் விலை வித்தியாசம். மூன்றையும் கூட்டினால் 81,200 ரூபாய். 30 லட்சத்தோடு ஒப்பிட்டால் தூசு. பல அலுவலகங்களில் இந்த இடத்தில் ஃபைலை மூடிவிடுகிறார்கள். அது தவறு. 81,200 என்பது பார்த்த கணக்குகளில் இருந்த தவறு மட்டுமே. பார்க்காதவற்றுக்கும் சேர்த்து அது என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி.

மறுபடி ரூபாய்க்கே போக வேண்டும். 2,15,000-இல் 43,000 தவறு என்றால் ஐந்தில் ஒரு பங்கு, 20 சதவீதம். ஆடிட்டர்கள் இந்த விகிதத்தை டெயின்டிங் என்பார்கள். நாம் தேர்ந்தெடுத்த அந்த 3,17,450-ஆவது ரூபாயில் 20 பைசா பொய் என்று இதற்கு அர்த்தம். அந்த ஒரு ரூபாய் தன்னைச் சுற்றியுள்ள 8 லட்சம் ரூபாய்க்குப் பிரதிநிதி. அதில் 20 பைசா பொய் என்றால், 8 லட்சத்தில் 1,60,000 பொய் என்பது நம் மதிப்பீடு. இரண்டாவது தவறு 64,000-இல் 3,200, அதாவது 5 சதவீதம், 8 லட்சத்துக்கு 40,000. மூன்றாவது வேறு வகை. ஏழாம் வாடிக்கையாளர் எப்படியும் தேர்வாகக் கூடியவர். இடைவெளிக்கு மேலுள்ள எல்லாக் கணக்குகளையும் பார்த்துவிட்டோம், பார்க்காத யாருக்கும் இவர் பிரதிநிதி அல்ல. ஆகவே 35,000 அப்படியே 35,000தான். மூன்றும் சேர்ந்து 2,35,000. மொத்தப் பாக்கியில் இருக்கக்கூடிய தவறு பற்றிய நம் சிறந்த மதிப்பீடு இது.

மதிப்பீடு மட்டும் போதாது, அது தவறிப் போகும் இடத்தையும் சேர்க்க வேண்டும். ஒரு தவறும் சிக்காவிட்டாலும் 8 லட்சத்தை 3-ஆல் பெருக்கிய 24 லட்சம் வரை தவறு மறைந்திருக்கலாம் என்பது திட்டத்திலேயே இருக்கிறது. தவறு சிக்கச் சிக்க அந்தக் காரணி ஏறும். தவறே இல்லையென்றால் 3.00, ஒன்று என்றால் 4.75, இரண்டு என்றால் 6.30, மூன்று என்றால் 7.76. முதல் தவறுக்குக் காரணி 1.75 ஏறுகிறது. அதில் 1 என்பது நாம் ஏற்கெனவே மதிப்பிட்ட தொகை, மீதி 0.75 கூடுதல் எச்சரிக்கை. இரண்டாவதற்கு 0.55, மூன்றாவதற்கு 0.46. விகிதம் அதிகமான தவறை முதலில் வைத்துக் கணக்கிட வேண்டும். இங்கே 1,60,000-க்கு 0.75 வீதம் 1,20,000. 40,000-க்கு 0.55 வீதம் 22,000. பெரிய கணக்குத் தவறுக்குக் கூடுதல் எதுவும் இல்லை. அடிப்படை 24 லட்சம், மதிப்பீடு 2,35,000, எச்சரிக்கை 1,42,000 எல்லாம் சேர்ந்து 27,77,000. எல்லை 30 லட்சம். பாக்கி தேறியது.

இப்போது 66 கடிதங்களில் கடைசியாக ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். 48,000 ரூபாய் பாக்கியுள்ள ஒரு வெளிமாநில வாடிக்கையாளர். கடிதம் 'அப்படி யாரும் இல்லை' என்று திரும்பி வந்துவிட்டது. டெலிவரி சலான் கேட்டால் கிடைக்கவில்லை. லாரி ரசீது இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் இ-வே பில் பொதுவாகக் கட்டாயம் என்பதால் அதுவும் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் பணமும் வரவில்லை. முழுப் பொய்.

இந்த இடத்தில் நிறுவனத்தின் அக்கவுண்டன்ட் சொல்லும் வசனம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "சார், நாப்பத்தெட்டாயிரம் ரூபாதானே சார். இந்த வருஷமே ரைட் ஆஃப் பண்ணிடறோம். இதுக்குப் போய் ரிப்போர்ட்டுல எழுதணுமா?"

எழுதும் நிலை வரலாம். 48,000-இல் 48,000-ம் பொய் என்றால் விகிதம் 100 சதவீதம். தேர்வான ரூபாய் முழுசாகவே பொய். அது 8 லட்சத்துக்குப் பிரதிநிதி, ஆகவே மதிப்பீடு 8 லட்சம். கேட்டதும் யாருக்கும் திக்கென்றிருக்கும். 48,000 எப்படி 8 லட்சமாகும்? வேறு வழியாகப் பாருங்கள். 48,000 ரூபாய்க் கணக்கு ஒன்று தேர்வாக 100-க்கு 6 வாய்ப்புதான் உண்டு. அப்படிப்பட்ட பொய்க் கணக்கு இந்த லெட்ஜரில் ஒன்றே ஒன்று இருந்திருந்தால் நம் கையில் சிக்கியது பெரிய அதிர்ஷ்டம். பதினாறு பதினேழு இருந்தால்தான் அதில் ஒன்று சிக்கும் என்று எதிர்பார்க்கலாம். பதினாறே முக்காலைச் சற்றுக் குறைத்து 48,000-ஆல் பெருக்கிப் பாருங்கள், 8 லட்சம் வரும். மூன்றாம் வாடிக்கையாளருக்கும் இதே கணக்குதான். அவர் தேர்வாக நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல் வாய்ப்பு இருந்தது. 43,000-ஐ அந்த வாய்ப்பால் வகுத்தால் அதே 1,60,000 வரும்.

இப்போது மேல்வரம்பை மறுபடி போட வேண்டும். மதிப்பீடு 2,35,000-லிருந்து 10,35,000 ஆகிறது. எச்சரிக்கைத் தொகையில் 100 சதவீதத் தவறு முதலிடத்துக்கு வந்து 6,00,000 பிடிக்கிறது. 20 சதவீதத் தவறு இரண்டாமிடத்துக்கு இறங்கி 88,000, 5 சதவீதத் தவறு 18,400. அடிப்படை 24 லட்சத்தோடு எல்லாம் சேர்ந்து 41,41,400. எல்லையைவிடப் 11 லட்சத்துக்கு மேல் அதிகம். அக்கவுண்டன்ட் சொன்னபடி ரைட் ஆஃப் செய்யட்டும், கண்டுபிடித்த மற்ற தவறுகளையும் திருத்தட்டும். குறைவது 1,29,200 மட்டும்தான். 40 லட்சத்துக்கு மேல் அப்படியே நிற்கும். சிக்கிய மாதிரியைத் திருத்தினால் சிக்காதவை திருந்திவிடாது.

அடுத்து வரும் வாதம்: "இது தனிப்பட்ட சம்பவம், வேறெங்கும் நடக்கவில்லை." இந்தியாவின் தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 530 இந்த வாதத்துக்கு ஒரு சிறு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. ஆனால் மிக மிக அரிதான சூழ்நிலையில் மட்டும், அந்தத் தவறு மற்ற கணக்குகளைப் பாதிக்கவில்லை என்று கூடுதல் சோதனைகளால் உறுதி செய்துகொண்ட பிறகே ஒரு தவறை விதிவிலக்கு என்று ஒதுக்கலாம். அக்கவுண்டன்ட் வாயால் சொன்னது போதாது. ஆடிட்டர் செய்ய வேண்டியது அந்த 48,000-இன் சாயலைத் தேடுவதுதான்: 50,000-க்குச் சற்றுக் கீழே உள்ள வெளிமாநில பில்கள், மார்ச் கடைசி வாரத்துத் தேதி, ஒரே விற்பனைப் பிரதிநிதி, பிறகு பணமே வராத கணக்குகள். அந்தக் கூட்டத்தைத் தனியாகப் பிரித்து முழுவதையும் பார்த்தால் ஒன்றா பதினேழா என்று தெரிந்துவிடும். வேண்டுமென்றே போட்ட பில் என்று தெரிந்தால் பேச்சு தொகையோடு நிற்காது, மோசடி பற்றிய வேறு தரநிலைக்குப் போய்விடும்.

பதிலே வராத கடிதங்கள் இன்னொரு சோதனை. இங்கேதான் முறை அதிகமாகக் கெடுகிறது. பதில் வரவில்லை என்றதும் பட்டியலில் அடுத்தவருக்குக் கடிதம் போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டுவது வழக்கமாகிவிட்டது. பொய்யான வாடிக்கையாளர் பதில் எழுத மாட்டார் என்பது நினைவிருந்தால் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். வராத பதிலுக்கு மாற்று ஆதாரம் தேட வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு வந்த பணத்தை வங்கி ஸ்டேட்மென்டில் பார்த்து, அது இந்த பில்லுக்கு வந்ததுதானா என்று ஒப்பிட வேண்டும். வாடிக்கையாளரின் முத்திரை பதிந்த சலானைப் பார்க்க வேண்டும். எதுவும் கிடைக்காவிட்டால் அந்தக் கணக்கு முழுவதையும் தவறு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது அதுவும் 8 லட்சமாகப் பேசும்.

சத்யத்துக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்கலாம். 2,651 கோடியில் 490 கோடி பொய் என்றால் நூற்றுக்குப் பதினெட்டு ரூபாய்க்கு மேல். அதில் 60 ரூபாயைக் குலுக்கி எடுத்தால் ஒன்றுகூடப் பொய்யில் விழாமல் போகப் பத்து லட்சத்தில் ஐந்து வாய்ப்புதான். தேர்வைப் பொறுத்தவரை அந்தப் பொய் தப்பியிருக்கவே முடியாது. ஆனால் பொய்யான கணக்கு தேர்வாவது வேறு, அது பொய் என்று தெரிவது வேறு. 2011-இல் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் சத்யத்தின் ஆடிட்டர்கள் மீது நடவடிக்கை எடுத்தபோது சொன்ன முக்கியக் குற்றச்சாட்டு, வங்கி இருப்பை உறுதிசெய்யும் கடிதங்களை அனுப்புவதையும் வாங்குவதையும் வாடிக்கை நிறுவனத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்பது. அங்கே இருந்தது வங்கிக் கடிதம், இங்கே பாக்கிக் கடிதம், பழுதாகும் இடம் ஒன்றேதான். 75 ரூபாயை எவ்வளவு நேர்த்தியாகத் தேர்ந்தாலும், கடிதத்தை அந்த நிறுவனத்தின் பையனிடமே கொடுத்துவிட்டால் எல்லாப் பதிலும் 'சரி' என்றே வரும்.

இந்த முறையால் முடியாதவையும் உண்டு. குறைத்துக் காட்டிய பாக்கியை இது நன்றாகப் பிடிக்காது. 5 லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் 5,000 என்று எழுதினால் 5,000 சீட்டுதான் கிடைக்கும். எழுதாமலே விட்டதற்குச் சீட்டே இல்லை. வரி ஏய்ப்புக்காக விற்பனையை மறைக்கும் வியாபாரத்தில் இந்த முறையை மட்டும் நம்புவது வீண். வாடிக்கையாளர் "ஆம், தரவேண்டும்" என்று எழுதினாலும் அவரால் தர முடியுமா என்பதும் இதில் தெரியாது. வராக்கடனுக்கு ஒதுக்கீடு போதுமா என்பது தனி வேலை. தவறு நிறைய இருக்கும் லெட்ஜரில் மேல்வரம்பு உண்மையைவிட வெகுவாக உயர்ந்துவிடும், அங்கே வேறு மாதிரி முறைகள் சிக்கனமானவை. தவறு அரிது, ஆனால் இருந்தால் மிகைதான் என்ற நிலையில் இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு சொல்லும் முறை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆடிட்டரிடமிருந்து வரும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதம் உங்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு மார்ச் முடிந்ததும் வந்திருக்கும். குப்பையில் போடாதீர்கள், பார்க்காமல் கையெழுத்தும் போடாதீர்கள். உங்கள் புத்தகத்தில் என்ன தொகை இருக்கிறதோ அதை எழுதி, கடிதத்தில் கண்ட ஆடிட்டர் முகவரிக்கு நீங்களே அனுப்புங்கள். சரக்கு கொண்டுவரும் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்.